பௌர்ணமியில் பொருந்தும் நிலவு அட்டமியில் விலகுவது ஏன்?

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் ஒரே சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவது வழக்கம். ஒன்று தமிழ்நாட்டு அச்சகத்தில் வாக்கியப் பஞ்சாங்கப்படி அச்சான தினசரித் தாள். மற்றொன்று இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய மலையாள மாத நாட்காட்டி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒரு விந்தையைக் கவனிக்கலாம். பௌர்ணமியும் அமாவாசையும் முடியும் நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அட்டமியை ஒட்டிய திதிகளில் மட்டும் வேறுபாடு சில சமயம் நான்கைந்து மணி நேரம் வரை போய்விடுகிறது. கணக்கு பிழையென்றால் எல்லா நாளும் பிழையாக இருக்க வேண்டும். பௌர்ணமியில் சரியாக வந்து அட்டமியில் தவறுவதற்குத் தனிக் காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் கிரகணத்தில் இருக்கிறது.

அதற்கு வருமுன் ஆண்டின் நீளத்தைப் பார்த்துவிடலாம், ஏனெனில் அதுவும் இதே சுவரில் தெரிகிறது. கி.பி. 499-ஐத் தம் கணக்கின் அடிப்படை ஆண்டாகக் கொண்ட ஆரியபடர், 43,20,000 ஆண்டுகள் அடங்கிய ஒரு மகாயுகத்தில் 1,57,79,17,500 நாள்கள் உண்டென்று வைத்தார். நாள்களை ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை கிடைக்கும். அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. சூரியன் ஒரு விண்மீனிடமிருந்து புறப்பட்டு மீண்டும் அதையே அடைய உண்மையில் ஆகும் காலத்தைவிட இது 3 நிமிடமும் சில விநாடிகளும் கூடுதல். பருவங்களைத் தீர்மானிக்கும் ஆண்டோ இதைவிட 23 நிமிடத்துக்கு மேல் குறைவு. அதனால்தான் ஆரியபடர் காலத்தில் சம இரவு நாளை ஒட்டி நின்ற மேட சங்கிராந்தி, அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்து இப்போது ஏப்ரல் 14-ல் நிற்கிறது.

நாட்காட்டித் தாளில் நாம் நேரில் காண்பது அந்த ஆறு மணிச் சொச்சத்தின் விளைவை. சங்கிராந்தி ஆண்டுதோறும் கால் நாளுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகிறது. சூரியன் மறைவதற்குள் சங்கிராந்தி வந்துவிட்டால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது தமிழ் வழக்கம். பகலை ஐந்தாகப் பகுத்து, முதல் மூன்று பங்கு கழிவதற்குள், அதாவது ஏறத்தாழ மதியம் ஒன்றேகால் மணிக்குள் வந்தால்தான் அன்று மாதப் பிறப்பு என்பது கேரள வழக்கம். 2023-ல் சங்கிராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில், இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விழுந்தது. தமிழ்ப் புத்தாண்டு 14-ஆம் தேதியும் விஷு 15-ஆம் தேதியும் வந்தன. அடுத்த ஆண்டு சங்கிராந்தி 13-ஆம் தேதி இரவுக்குப் போய்விட்டதால் இரண்டு வழக்கும் 14-ஆம் தேதியிலேயே சேர்ந்துகொண்டன. இதில் வானியல் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. விதி மட்டுமே வேறு. திதியில் காணும் வேறுபாடு அப்படிப்பட்டதன்று.

நிலவின் கணக்கு இந்தப் பகுதிகளில் வாக்கியங்களாக மனப்பாடம் செய்யப்பட்டு வந்தது. நிலவு ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு மிகத் தொலைவில், உச்சம் எனப்படும் இடத்தில் இருக்கையில் மெதுவாகவும், எதிர்ப்புறத்தில் வேகமாகவும் செல்கிறது. ஓர் உச்சத்திலிருந்து மறு உச்சத்தை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இந்தப் பின்னம் கணக்கருக்குத் தொல்லை. ஆனால் இப்படி ஒன்பது சுற்றுகளைச் சேர்த்தால் 248 நாளுக்குக் கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே எஞ்சுகிறது. ஆகவே உச்சத்தில் தொடங்கி 248 நாள்களுக்கு ஒவ்வொரு நாளும் நிலவு எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பிறகு அதே பட்டியலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இந்த 248 எண்களே.

எண்கள் நினைவில் நிற்பதற்காக அவற்றை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் கடபயாதி முறையில் சொற்களாக்கினார்கள். முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. வடமொழி அகரவரிசையில் இதன் முதல் எழுத்து க வரிசையில் மூன்றாவது, ஆகவே 3, ந-வுக்கு 0, 'ச்ரே' என்ற கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து இடமாக எழுதினால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை.) இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்கலாம். நிலவின் சராசரி நாள்நடை 13 பாகை 11 கலை. நிலவின் வேக மாற்றத்தைக் கணக்கிட உதவும் மந்த வட்டத்துக்கு ஆரியபடர் தரும் அளவின்படி நிலவு தன் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் 5 பாகை விலகலாம். உச்சத்திலிருந்து ஒரு நாள் கடந்ததும் அந்த விலகல் 1 பாகை 8 கலை. 13 பாகை 11 கலையில் அதைக் கழித்தால் மிகச் சரியாக 12 பாகை 3 கலை வருகிறது. இந்த '5 பாகை' என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் மையம் அதுதான்.

பட்டியலைப் பயன்படுத்தும் முறை எளிது. ஏதோ ஓர் ஆதி நாளிலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதில் 12,372 நாள், 3,031 நாள் போன்ற பெரிய சுழற்சிகளை முதலில் நீக்கிவிடுவார்கள். 3,031 நாளில் நிலவு உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 110 முறை வருகிறது. இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு நிமிடத்துக்குள் பொருந்துவது வியப்புக்குரியது. எஞ்சியவை 995 நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு 248-கள் அடங்கும், மீதி 3. கடைசி வாக்கியத்தின்படி ஒரு 248-க்கு நிலவு முழுச் சுற்றுகள் போக 27 பாகை 44 கலை நகர்ந்திருக்கும். நான்குக்கு 110 பாகை 56 கலை. மூன்றாம் வாக்கியம் தருவது 36 பாகை 22 கலை. கூட்டினால் 147 பாகை 18 கலை. முன்பு நீக்கிய சுழற்சிகளுக்கு உரியதையும் ஆதி நாளுக்கு உரிய நிலைத்த எண்ணையும் இதனுடன் சேர்த்துவிட்டால் அன்று சூரிய உதயத்தில் நிலவு நிற்கும் இடம் தெரிந்துவிடும். பெருக்கலும் கூட்டலும் போதும். முக்கோணவியல் எதுவும் கணக்கரின் கைக்கு வருவதில்லை, அது பட்டியலுக்குள் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. சூரியனுக்கும் ஐந்து கோள்களுக்கும் இவ்வாறே சுழற்சிப் பட்டியல்கள் உண்டு. கோள்களுக்குச் சூரியனைச் சார்ந்த இன்னொரு திருத்தமும் வேண்டியிருப்பதால் அவை நீளமானவை. அதை இங்கே விரிக்க இடமில்லை.

இனிக் கிரகணம். ஒரு பௌர்ணமி நாள் சூரிய உதயத்தில் நிலவு சூரியனிடமிருந்து 171 பாகை விலகி நிற்பதாகக் கணக்கு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே வர இன்னும் 9 பாகை, அதாவது 540 கலை வேண்டும். இரண்டின் சராசரி வேக வேறுபாடு நாளொன்றுக்கு 731 கலைக்குச் சற்று அதிகம், நாழிகைக்கு 12.19 கலை. வகுத்தால் 44 நாழிகை 18 விநாழிகை. சூரிய உதயம் காலை ஆறு மணி என்றால் பௌர்ணமி முடியும் கணம் இரவு 11.43. கிரகணம் உண்டென்றால் அதன் நடு நேரம் இதுதான்.

கிரகணம் உண்டா என்பதை ராகுவிடமிருந்து நிலவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தீர்மானிக்கும். புராணத்து ராகு தலையுள்ள பாம்பு. கணக்கின் ராகுவோ நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் வெறும் புள்ளி. சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழலில் நிலவு நுழைவதே என்று ஆரியபடீயம் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நிழலின் அளவைக் கணக்கிடும் வழியையும் அது தருகிறது. ஆரியபடரின் அளவுகளில் பூமியின் விட்டம் 1,050 யோசனை, சூரியனின் விட்டம் 4,410, நிலவின் விட்டம் 315. சூரியனின் தொலைவு 4,59,585 யோசனை, நிலவின் தொலைவு 34,377. சூரியனின் தொலைவைப் பூமியின் விட்டத்தால் பெருக்கி, இரண்டு விட்டங்களின் வேறுபாடான 3,360-ஆல் வகுத்தால் நிழலின் நீளம் கிடைக்கும்: ஏறத்தாழ 1,43,620 யோசனை. நிழல் கூம்பாகக் குறுகிச் செல்வதால், நிலவு இருக்கும் தொலைவில் அதன் அகலம் 799 யோசனை. அந்தத் தொலைவில் 10 யோசனைக்கு ஒரு கலை. ஆக நிழலின் விட்டம் 79.9 கலை, நிலவின் விட்டம் 31.5 கலை. இன்றைய சராசரி அளவுகள் ஏறத்தாழ 84, 31.

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. சூரியன் நிலவைப் போல 13 மடங்கு தொலைவில் இருப்பதாக ஆரியபடர் கொண்டார். உண்மையில் அது 390 மடங்கை ஒட்டியது. எல்லாக் கோள்களும் ஒரே வேகத்தில் யோசனைகளைக் கடக்கின்றன என்ற அடிப்படைக் கருத்திலிருந்து அந்தத் தொலைவு வந்தது. அது தவறான கருத்து. சூரியனை இவ்வளவு அருகே வைத்தது நிழலைச் சற்றே அகலமாக்கியது. நிலவின் தொலைவைப் பூமியின் அளவோடு ஒப்பிட்டுச் சற்று மிகையாகக் கொண்டது நிழலைச் சுருக்கியது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் போனதால் நிழலின் அளவு உண்மைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

நம் எடுத்துக்காட்டில் நிலவு ராகுவிடமிருந்து 5 பாகை தள்ளி நிற்கட்டும். நிலவு சூரிய வீதியிலிருந்து வடக்கோ தெற்கோ அதிகபட்சம் 270 கலை விலகும் என்பது இந்திய வானியலின் அளவு. அதை 5 பாகையின் சைனால் பெருக்கினால் 23.5 கலை. நிழலின் அரைவிட்டத்தையும் நிலவின் அரைவிட்டத்தையும் கூட்டினால் 55.7. நிலவின் மையம் நிழலின் மையத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும்போதுதான் நிழல் முதலில் தொடுகிறது. 55.7-ஐக் கர்ணமாகவும் 23.5-ஐ ஒரு பக்கமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் மூன்றாம் பக்கம் 50.5 கலை. நாழிகைக்கு 12.19 கலை வீதம் அதைக் கடக்க 99 நிமிடம். ஆகவே தொடக்கம் இரவு 10.04, முடிவு 1.22. அந்த 99 நிமிடத்தில் நிலவு ராகுவை நோக்கியோ விலகியோ கிட்டத்தட்ட ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் விலகலைத் தனித்தனியே திரும்பக் கணக்கிட்டு, விடை மாறாமல் நிற்கும் வரை அதே படியைச் செய்ய வேண்டும் என்பது நூல்களின் விதி.

இதே கிரகணத்தை இன்றைய அளவுகளால் கணக்கிட்டுப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரிகிறது. நிலவின் அதிகபட்ச விலகல் உண்மையில் 309 கலை. அவர்கள் கொண்ட 270 குறைவு. நிழலின் அளவிலும் அவர்கள் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்றின் குறை ஏறத்தாழ ஈடுசெய்துவிடுவதால் மூன்றாம் பக்கம் 50.8 கலை என்று வருகிறது. வேறுபாடு நேரத்தில் ஒரு நிமிடம் கூட இல்லை. ஆனால் முழு மறைப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை மாறிவிடுகிறது. பழைய அளவுகளில் நிழல், நிலவு இரண்டின் அரைவிட்ட வேறுபாடு 24.2 கலை, விலகல் 23.5 அதற்குள் அடங்குவதால் ஏறத்தாழ 22 நிமிடம் முழுக் கிரகணம் என்று கணக்கு சொல்லும். இன்றைய அளவுகளில் வேறுபாடு 26.5, விலகல் 26.9, ஆகவே நிலவின் ஓரத்தில் மெல்லிய கீற்று மறையாமல் நிற்கும். கணக்கின் எல்லை இப்படிப்பட்ட ஓர இடங்களில்தான் வெளிப்படுகிறது.

நடைமுறையில் இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தியது என்பதற்குப் புதுச்சேரியிலிருந்து இரண்டு பதிவுகள் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, தமிழ்க் கணக்கரிடம் முறையைக் கற்றுக்கொண்டு 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைச் சோதித்தபோது, கணக்கில் வந்த கால அளவு 41 விநாடி மட்டுமே குறைவாக இருந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த பட்டியலான மாயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. பெருமைக்காக இதைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் இரண்டாவது பதிவைச் சொல்வதில்லை; எனக்கு அதுவே அதிகம் கற்றுத்தருவதாகத் தோன்றுகிறது. 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்கு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் தரையில் சோழிகளைப் பரப்பி, பட்டியல்களை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே கணக்கிட்டதை ஜான் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்தார். எழுதுகோலும் தாளும் இல்லை. இராசி, பாகை, கலை ஆகியவற்றைச் சோழிகளின் எண்ணிக்கையே காட்டியது. விடையில் தொடக்கம் 4 நிமிடம் பிந்தியும், நடு நேரம் 23 நிமிடம் முந்தியும், முடிவு 52 நிமிடம் முந்தியும் இருந்தன.

இந்த மூன்று எண்களைப் பார்த்தே பிழை எங்கே என்று சொல்லலாம். நடு நேரம் 23 நிமிடம் முந்தியது என்றால் நிலவும் சூரியனும் எதிரெதிரே வரும் கணத்தில், அதாவது அவற்றின் தீர்க்க ரேகைக் கணக்கில், அவ்வளவு பிழை. அந்தப் பிழை மட்டும் இருந்திருந்தால் தொடக்கமும் முடிவும் அதே 23 நிமிடம் முந்தியிருக்க வேண்டும். மாறாகத் தொடக்கம் ஏறத்தாழ 27 நிமிடம் பின்னுக்கும், முடிவு 29 நிமிடம் முன்னுக்கும் இழுக்கப்பட்டிருக்கின்றன. ஆக அரைக் கால அளவு கிட்டத்தட்ட 28 நிமிடம் குறைந்திருக்கிறது. அது ராகுவின் இடம், விலகல், நிழல் ஆகியவற்றின் பிழை. நேரப் பிழையோடு அதற்குத் தொடர்பில்லை.

ராகுவின் இடத்தில் ஒரு பாகைப் பிழை எவ்வளவு செய்யும் என்பது நிலவு எங்கே கடக்கிறது என்பதைப் பொறுத்தது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 5 பாகை என்பதை 6 ஆக்கினால் அரைக் கால அளவு 99 நிமிடத்திலிருந்து 94-க்கு மட்டுமே இறங்குகிறது. ஆனால் ராகுவிடமிருந்து 10 பாகை தள்ளி, நிழலின் ஓரத்தை உரசிச் செல்லும் நிலவுக்கு அதே ஒரு பாகை, 59 நிமிடத்தை 42 ஆக்கிவிடுகிறது. 12 பாகையை எட்டினால் கிரகணமே இல்லை. ஆகவே ஒரே கணக்கர் ஒரே முறையில் ஒரு கிரகணத்தில் விநாடிக் கணக்கிலும் இன்னொன்றில் முக்கால் மணியிலும் தவறுவதில் முரண்பாடு இல்லை.

இதைத் திருத்தும் வழியையும் மேலே செய்த பகுப்பே காட்டுகிறது. பல கிரகணங்களைப் பார்த்துக் குறித்து வைத்தால், நடு நேரத்தின் பிழைகள் நிலவின் இடத்தையும், ஓரக் கிரகணங்களின் கால அளவு ராகுவின் இடத்தையும் திருத்தித் தரும். நிளை நதி, நம் எல்லைப் பகுதியில் ஆனைமலையின் தண்ணீரை வாங்கிக்கொண்டு மேற்கே பாரதப்புழையாகக் கடலைச் சேரும் பகுதியில் வாழ்ந்த வடசேரி பரமேசுவரர் இந்த வேலையைத்தான் செய்தார். 1393 முதல் 1432 வரை அவர் பார்த்த கிரகணங்களின் குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கி.பி. 683-இல் ஹரிதத்தர் ஏற்படுத்திய பரகித முறை தம் காலத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431-இல் அவர் திருக்கணித முறையை எழுதினார். மலையாளப் பஞ்சாங்கங்கள் பரகிதத்திலிருந்து விலகத் தொடங்கியது அப்போதுதான். மலைக்கு இந்தப் பக்கம், ஏறத்தாழ 1300-ஐ ஒட்டிக் காஞ்சி வட்டாரத்தில் உருவான வாக்கியகரணம் என்ற நூல் தமிழ்ப் பஞ்சாங்கங்களின் அடிப்படையாக நீடித்தது. இரு பக்கத்தாரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராசர், பரமேசுவரர் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜியிடம் ஐயங்களை எழுதிக் கேட்க, அவர் விடை எழுதியிருக்கிறார்.

சூரிய கிரகணத்துக்கு இன்னொரு படி உண்டு. பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கணக்கிட்ட நிலவு, பூமியின் மேற்பரப்பில் நிற்பவருக்குச் சற்றுத் தாழ்ந்து தெரியும். நிலவு அடிவானத்தை நெருங்க நெருங்க இந்தத் தாழ்வு கூடும்; அதனால் கிரகணத்தின் நடு நேரமே அதிகபட்சம் 4 நாழிகை வரை நகர்ந்துவிடும். இதை லம்பனம் என்பார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் பாலக்காடு, கோவை வழியே சென்ற வளையக் கிரகணம் போன்றவற்றை ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் காண்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். சந்திர கிரகணத்தில் நிலவும் நிழலும் ஒரே தொலைவில் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே அளவுகளைத் திருத்தச் சந்திர கிரகணமே நம்பகமானது.

இப்போது அட்டமிக்குத் திரும்பலாம். நிலவின் விலகல் அதிகபட்சம் 5 பாகை என்று ஆரியபடர் வைத்தார் என்றோம். இன்றைய வானியலில் அந்த எண் 6.3 பாகை. இதோடு முடிந்திருந்தால் ஆரியபடர் வெகுவாகத் தவறினார் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் நிலவின் ஓட்டத்தில் சூரியனின் ஈர்ப்பால் வரும் இன்னொரு விலகல் இருக்கிறது, அது 1.27 பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது முதல் விலகலுக்கு நேர் எதிராகச் செயல்படும். 6.3-இல் 1.27-ஐக் கழித்தால் 5 பாகை! அட்டமியில், நிலவும் சூரியனும் செங்கோணத்தில் நிற்கையில், அதே இரண்டாம் விலகல் முதலாவதோடு சேர்ந்துகொள்ளும். அப்போது மொத்தம் 7.5 பாகைக்கு மேல். ஆரியபடரின் 5 பாகை கிரகணம் நிகழும் நாள்களில் மிகச் சரி. அட்டமியில் இரண்டரைப் பாகை வரை குறைவு. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே நாளொன்றுக்கு 12 பாகை விரிவதால், இரண்டரைப் பாகை என்பது ஐந்து மணி நேரம். சுவரில் தொங்கும் இரண்டு தாள்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே.

சூரியனின் எண்ணிலும் இதே தடயம் இருக்கிறது. சூரியன் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் 2 பாகை 9 கலை விலகுவதாக ஆரியபடர் கொண்டார். உண்மை 1 பாகை 55 கலை. ஆனால் நிலவின் ஓட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் 11 கலை விலகல் ஒன்று உண்டு. சூரியனை நிலவோடு ஒப்பிட்டு மட்டுமே பார்ப்பவருக்கு அது சூரியனின் விலகலோடு சேர்ந்து 2 பாகை 6 கலையாகத் தெரியும். ஆக அவர்களுடைய சூரியனும் கிரகணங்களின் நேரத்திலிருந்து அளக்கப்பட்ட சூரியன் என்றே நான் முடிவு செய்கிறேன். இரண்டு எண்களும் ஒரே விதமாகத் தவறி ஒரே விதமாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

இரண்டாம் விலகல் இந்திய வானியலுக்குத் தெரியாமல் போகவில்லை. முஞ்சாலர் 932-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தம் நூலிலேயே நிலவுக்கு அதைச் சேர்த்துவிட்டார். சங்கமகிராம மாதவர் வாக்கியங்களை விகலை வரை நுட்பமாக்கி, முதல் நாளுக்கு 12 பாகை 2 கலை 35 விகலை என்று திருத்தினார். ஆனால் அவரும் அந்த ஒற்றை விலகலோடே நின்றார். வாக்கிய முறையில் இரண்டாவதைச் சேர்ப்பதற்குத் தடையாக இருந்தது அதன் வசதியேதான். 248 நாள் பட்டியல் நிலவு தன் உச்சத்திலிருந்து எத்தனையாவது நாளில் இருக்கிறது என்பதை மட்டும் கேட்கிறது. இரண்டாம் விலகலோ சூரியன் எங்கே என்றும் கேட்கும். சூரியன் 248 நாளில் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அதைச் சேர்த்தால் ஒரே பட்டியலைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கணக்கு போட வேண்டும், சோழிகளோடு தரையில் உட்கார்ந்து நினைவிலிருந்து கிரகணம் சொல்வது இயலாது. கிரகண நாளில் அந்தத் திருத்தம் தானே உள்ளடங்கிவிடுவதால், கிரகணத்தை மட்டும் சோதனையாகக் கொண்ட கணக்கருக்கு அது இல்லாத குறை கண்ணில் படவும் இல்லை.